மொழிபெயர்ப்புக்காக ஆபீஸ் வேலையை விடலாமா: முதலில் மறுத்த வேலைகளைக் கணக்கெடுங்கள்

"சென்னையில் ஒரு தனியார் காப்பீட்டு நிறுவனத்தில் நாலு வருஷம் ஏழு மாதமாக வேலை பார்க்கிறேன். கையில் 43,000 வருகிறது. சனி, ஞாயிறில் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிறேன். பெங்களூரில் ஒரு ஏஜென்சி, ஜெர்மனியில் ஒரு ஏஜென்சி. மாதம் சராசரியாக 21,000 கிடைக்கிறது. இரண்டு நாளில் இவ்வளவு என்றால் முழு வாரமும் செய்தால் 60,000 தாண்டுமே, வேலையை விட்டுவிடலாமா? அப்பா அம்மா என் ஆபீஸ் இன்சூரன்ஸில்தான் இருக்கிறார்கள்."

இப்போது விட வேண்டாம். குறைந்தது ஐந்து மாதம் பொறுங்கள். அந்த ஐந்து மாதத்தில் செய்து பார்க்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. அதன் விடையைப் பார்த்த பிறகு விடுவதா இல்லையா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

உங்கள் கணக்கில் நாளைப் பெருக்கியிருக்கிறீர்கள். மாதத்தில் எட்டு நாள் உழைத்தால் 21,000, இருபத்திநாலு நாள் உழைத்தால் அதன் மூன்று மடங்கு என்று. துணி தைப்பவருக்குக்கூட இது பொருந்தாது, மொழிபெயர்ப்பில் சுத்தமாகப் பொருந்தாது. நீங்கள் எத்தனை நாள் உட்காரத் தயார் என்பதை வைத்து ஏஜென்சி வேலை அனுப்புவதில்லை. அதன் வாடிக்கையாளர் இந்த மாதம் எவ்வளவு தமிழ் கேட்கிறார் என்பதுதான் அளவு. உங்கள் 21,000-க்குப் பின்னால் இருப்பது, தோராயமாக வார்த்தைக்கு 1.40 ரூபாய் என்று வைத்தால், 15,000 வார்த்தை. அதே இரண்டு ஏஜென்சிகளிடம் இன்னொரு 30,000 வார்த்தை தமிழ் வேலை இருக்கிறதா, இருந்தால் அது உங்களுக்கு வருமா என்பதே உங்கள் கேள்வி.

இதோடு இன்னொன்றும் இருக்கிறது. சனி, ஞாயிறில் வரும் வேலையும் வார நாளில் வரும் வேலையும் ஒரே சந்தை இல்லை. ஜெர்மனி ஏஜென்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே காலை ஒன்பது மணி என்றால் நமக்குக் கோடையில் பன்னிரண்டரை, குளிர்காலத்தில் ஒன்றரை. வெள்ளிக்கிழமை அங்கே நாலு மணிக்கு ப்ராஜெக்ட் மேனேஜர் வீட்டுக்குக் கிளம்பும் முன் ஒரு ஃபைலை அனுப்புகிறார், திங்கள் காலை வேண்டும் என்கிறார். நமக்கு அப்போது இரவு ஏழரை, எட்டரை. உங்களுக்கு வருவது பெரும்பாலும் இந்த வகை. வார இறுதியில் வேலை செய்ய ஆள் கிடைப்பது கஷ்டம் என்பதால் அங்கே உங்களுக்குப் போட்டி குறைவு, சில சமயம் கூடுதல் ரேட்டும் கிடைக்கும். செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வரும் மெயில் வேறு மாதிரி. அது தமிழ்ப் பட்டியலில் உள்ள ஐந்தாறு பேருக்கு ஒரே நேரத்தில் போகும். முதலில் "எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்பவருக்கு வேலை. பத்து நிமிஷம் தாமதித்தால் போர்ட்டலில் ஃபைல் மறைந்துவிடும். சனிக்கிழமையில் உங்களுக்கு இருக்கும் மதிப்பு செவ்வாய்க்கிழமையிலும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இன்னும் மோசமாகவும் இருக்கலாம். மூன்று வருஷம் வார இறுதியில் மட்டும் செய்தவரை மேனேஜர்கள் "வார இறுதி ஆள்" என்றே மனதில் வைத்திருப்பார்கள். வார நாள் மெயிலில் உங்கள் பெயரைச் சேர்க்கவே மறந்திருக்கலாம்.

ஆகவே முதல் வேலை, ஒரு எளிய பட்டியல். நீங்கள் ஆபீஸில் இருக்கும்போது வந்து, எடுக்க முடியாமல் மறுத்த அல்லது பதிலே போடாமல் விட்ட ஒவ்வொரு வேலையையும் மூன்று மாதம் எழுதி வையுங்கள். எந்த ஏஜென்சி, எந்த நாள், எத்தனை வார்த்தை, எப்போது கேட்டார்கள், மெயில் உங்களுக்கு மட்டும் வந்ததா எல்லாருக்கும் போனதா. இவ்வளவு போதும். பழைய மெயிலைத் தோண்டினால் போன மூன்று மாதத்துக்கும் இதை இன்று இரவே எழுதிவிடலாம்.

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்களை உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் நீங்கள் மறுத்தது மொத்தம் 31,000 வார்த்தை என்று வைப்போம். பார்த்தவுடன் மனசு குளிரும். ஆனால் இது ஃபைலில் உள்ள வார்த்தை, காசு கிடைக்கும் வார்த்தை இல்லை. டிரேடோஸ், மெமோகியூ போன்ற மொழிபெயர்ப்பு மென்பொருளில் அந்த ஃபைலை அலசினால் திரும்பத் திரும்ப வரும் வரிகள், முன்பு செய்த மொழிபெயர்ப்புகளின் நினைவகத்தில் ஏற்கெனவே இருக்கும் வரிகள், பாதி பொருந்தும் வரிகள் என்று பிரியும். உதாரணமாக 10,000 வார்த்தை ஃபைலில் 3,000 திரும்ப வருபவை, அவற்றுக்குப் பத்து சதவீதம். 2,500 ஓரளவு பொருந்துபவை, அவற்றுக்குப் பாதி. மீதி 4,500-க்குத்தான் முழு ரேட். கூட்டினால் 300, 1,250, 4,500, ஆக 6,050 வார்த்தைக்குப் பணம். சதவீதங்கள் ஏஜென்சிக்கு ஏஜென்சி மாறும், ஏஜென்சி அனுப்பும் வேலை ஆணையான பி.ஓ.வில் இருக்கும், பாருங்கள். நான் சராசரியாக 65 சதவீதம் என்று பிடிக்கிறேன்.

அடுத்து, அந்த 31,000-இல் 12,000 உங்களுக்கு நேராக வந்தது, 19,000 எல்லாருக்கும் போன மெயில் என்று வைப்போம். நேராக வந்தது 12,000-இல் 65 சதவீதம், 7,800. இதை முழுசாக எடுத்துக்கொள்ளலாம். எல்லாருக்கும் போனது 19,000-இல் 65 சதவீதம் சுமார் 12,350. இதில் மூன்றில் ஒன்று கிடைத்தாலே அதிர்ஷ்டம், 4,100. மொத்தம் 11,900 வார்த்தை. 1.40 ரூபாய்க்கு 16,660. ஏற்கெனவே வரும் 21,000-உடன் சேர்த்தால் மாதம் சுமார் 37,700. நீங்கள் நினைத்த 60,000-க்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். இப்போது சம்பளமும் மொழிபெயர்ப்பும் சேர்ந்து உங்களுக்கு 64,000 வருகிறது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முழு நேரம் வந்தால் புது ஏஜென்சி பிடிக்கலாமே என்பீர்கள். பிடிக்கலாம், பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் அதன் வேகம் தெரிந்திருக்கட்டும். விண்ணப்பம், ரகசிய ஒப்பந்தம், 250 முதல் 300 வார்த்தை டெஸ்ட், அதைத் திருத்துபவரின் பதில், போர்ட்டலில் கணக்குத் திறப்பது, அப்புறம் 180 வார்த்தை, 90 வார்த்தை என்று சில்லறை வேலைகள். நம்பி ஒரு பெரிய ஃபைல் கொடுக்க மாதங்கள் ஆகும். இந்தப் பகுதிக்கு வேலையை விட வேண்டிய அவசியமே இல்லை. இந்த ஐந்து மாதத்தில் மாலையில் உட்கார்ந்து செய்துவிடலாம். விட்ட பிறகு தேட ஆரம்பிப்பவர்கள் கைச்செலவுக்குப் பணம் வேண்டுமென்று 60 பைசாவுக்கும் தலையாட்டிவிடுகிறார்கள். ஒரு ஏஜென்சியிடம் குறைந்த ரேட்டில் உள்ளே போய்விட்டால் அங்கே அதை ஏற்றுவது மிகக் கடினம்.

பட்டியல் முடிந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். ஈட்டிய விடுப்பில் பத்து வேலை நாளைச் சேர்த்து எடுங்கள். தீபாவளி வாரமோ கிறிஸ்துமஸ் வாரமோ வேண்டாம், அப்போது வேலை வரத்தே வேறு. ஒரு வாரம் முன்னால் எல்லா மேனேஜர்களுக்கும் ஒரு மெயில்: "இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை வார நாளிலும் முழு நேரம் கிடைப்பேன், நாளைக்கு 2,000 வார்த்தை எடுப்பேன்." பிறகு என்ன வருகிறது என்று பாருங்கள். பட்டியலில் தாளில் இருந்தது, இப்போது கைக்கு வருகிறதா என்பது தெரிந்துவிடும். கூடவே இன்னொன்றும் தெரியும்: எட்டு மணி நேரத்தில் எவ்வளவு நேரம் உண்மையில் மொழிபெயர்க்கிறீர்கள் என்பது. மெயில், சந்தேகக் கேள்விகள், திருத்துபவரின் குறிப்புகளுக்குப் பதில், இன்வாய்ஸ், வராத பணத்துக்கு நினைவூட்டல் எல்லாம் சேர்ந்து வாரத்தில் ஏறக்குறைய ஒரு நாளைத் தின்றுவிடும். அதற்கு யாரும் காசு தருவதில்லை.

வேலையை விடுபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் பணம் வரும் தேதி. ஜூன் 1-இல் சம்பளம் நின்றது என்று வைப்போம். ஜூன் 5-இல் ஒரு வேலையை முடிக்கிறீர்கள். பல ஏஜென்சிகள் மாதக் கடைசியில் ஒரே இன்வாய்ஸாகத்தான் வாங்குவார்கள், ஆக ஜூன் 30. அதிலிருந்து 45 நாள் என்றால் ஆகஸ்ட் 14. முழு நேரமாகச் செய்த முதல் மாத உழைப்பின் பணத்தை நீங்கள் மூன்றாவது மாத நடுவில்தான் பார்ப்பீர்கள். ஜூனிலும் ஜூலையிலும் வருவதெல்லாம் பழைய வார இறுதிப் பணம்தான், அதே 21,000. யாராவது ஒருவர் 60 நாள் என்று சொன்னாலோ, ஒரு இன்வாய்ஸில் பி.ஓ. எண் தப்பாகி அடுத்த சுற்றுக்குத் தள்ளப்பட்டாலோ ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் என்று ஆகிவிடும். ஆகவே விடும் நாளில் வங்கியில் குறைந்தது நாலு மாத வீட்டுச் செலவு தனியாக இருக்க வேண்டும். ஆறு மாதமென்றால் நிம்மதியாகத் தூங்கலாம். இந்தப் பணம் இல்லாதவர்களுக்கு மேலே சொன்ன எந்தக் கணக்கும் தேவையில்லை, பதில் "விட வேண்டாம்" என்பதுதான்.

இப்போது சம்பளத்துக்குள் மறைந்திருப்பவை. உங்கள் அடிப்படைச் சம்பளம் 24,000 என்று வைத்தால், நீங்கள் கட்டும் பி.எஃப். 2,880, நிறுவனம் கட்டுவது 2,880. கையில் வரும் 43,000-இல் இவை இரண்டுமே இல்லை, ஆனால் இரண்டும் உங்கள் பணம். பணிக்கொடை இன்னும் முக்கியம். நிரந்தரப் பணியாளருக்கு ஐந்து வருஷம் முடிந்தால்தான் அது கிடைக்கும். கணக்கு, கடைசி அடிப்படைச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருஷத்தால் பெருக்குவது. 24,000-க்கு ஐந்து வருஷத்துக்கு 69,230 ரூபாய். நாலு வருஷம் ஏழு மாதத்தில் ராஜினாமா கடிதம் கொடுத்து இதைப் பணயம் வைக்க எந்த ஏஜென்சியும் தகுதியானதில்லை. ஐந்து மாதம் என்று நான் சொன்னதற்குப் பாதிக் காரணம் இதுதான். கடிதம் கொடுக்கும் தேதியைவிடக் கடைசி வேலை நாள் ஐந்து வருஷத்தைத் தாண்டுகிறதா என்று பாருங்கள்.

பெற்றோரின் இன்சூரன்ஸ் பற்றி, நீங்களே அந்தத் துறையில் இருப்பவர், என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் துறையில் இருப்பவர்கள்தான் தங்கள் வீட்டுக்கு இதைத் தள்ளிப்போடுகிறார்கள். புதிதாகத் தனிப் பாலிசி எடுத்தால் ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மூன்று வருஷம் வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம். ஆபீஸ் குழுப் பாலிசியிலிருந்து அதே நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாற வழி இருக்கிறது. ஆனால் குழுவிலிருந்து வெளியேறும் முன்பே கேட்க வேண்டும். பிரீமியம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கி, பன்னிரண்டால் வகுத்து, உங்கள் மாதச் செலவில் சேர்த்துவிடுங்கள். அறுபது தாண்டிய இருவருக்கு அது சின்னத் தொகையாக இருக்காது. வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் அதையும் சம்பளச் சீட்டு இருக்கும்போதே முடியுங்கள். சுயதொழில் என்றால் வங்கி வழக்கமாக இரண்டு மூன்று வருஷ வருமான வரிக் கணக்கைக் கேட்கும்.

வரியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். புதிய வரிமுறையில் உங்கள் மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பதால் இப்போதைக்கு வரி கட்ட வேண்டி வராது. பெங்களூர் ஏஜென்சி பிடிக்கும் டி.டி.எஸ். கணக்குத் தாக்கல் செய்தால் திரும்பி வரும். ஆனால் அடுத்த வருஷம்தான் வரும் என்பதால் அதைக் கைப்பணமாக எண்ண வேண்டாம். சம்பளக்காரர்களுக்கான ஐ.டி.ஆர்.-1 உங்களுக்குப் பொருந்தாது, அதை மட்டும் ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள். ஜி.எஸ்.டி. பதிவு வருஷ வரவு 20 லட்சம் தாண்டினால்தான்.

நீங்கள் கேட்காத ஒன்று: இப்போது செய்வதற்கே அனுமதி இருக்கிறதா? நியமன ஆணையில் வேறு வேலை பார்க்கக் கூடாது என்ற வரி இருக்கிறதா என்று இன்று எடுத்துப் பாருங்கள். 2022-இல் விப்ரோ நிறுவனம் இரட்டை வேலை பார்த்ததாக 300 பேரை நீக்கியது. அவர்கள் போட்டி நிறுவனங்களில் வேலை பார்த்தவர்கள், உங்கள் நிலை வேறுதான். ஆனாலும் அந்த வரி இருந்தால் மனிதவளத் துறையிடம் எழுத்தில் அனுமதி கேட்பது நல்லது. ஆபீஸ் லேப்டாப்பில் ஒரு வரிகூட மொழிபெயர்க்காதீர்கள். ஏஜென்சியின் ரகசிய ஒப்பந்தத்தையும் அது மீறும்.

வேலையோடு சேர்த்துச் செய்வதிலும் ஒரு எல்லை உண்டு. வாரம் ஏழு நாளும் உழைப்பவரின் சோர்வு முதலில் எழுத்து நடையில் தெரியாது, பிழை வகையில் தெரியும். திருத்துபவர் அனுப்பும் மதிப்பீட்டுத் தாளைப் பாருங்கள். "இந்தச் சொல்லைவிட அந்தச் சொல் நன்று" என்ற குறிப்புகள் இருந்தால் பரவாயில்லை, அது ருசி. ஒரு வாக்கியம் விடுபட்டது, 5 மி.கி. 50 மி.கி. ஆனது, "கூடாது" என்பது "கூடும்" ஆனது என்று வர ஆரம்பித்தால் அது சோர்வு. எண்ணையாவது சரிபார்க்கும் மென்பொருள் பிடித்துவிடும், எதிர்மறையை அது பிடிக்காது. மருத்துவ ஒப்புதல் படிவத்தில் இப்படி ஒன்று போனால் ஏஜென்சி உங்களிடம் சண்டை போடாது, சத்தமில்லாமல் வேலை அனுப்புவதை நிறுத்திவிடும். இந்த அடையாளம் தெரிந்தால் மாதத்தில் ஒரு வார இறுதியை முழுசாக மறுத்துவிடுங்கள்.

விடுவதா, தொடர்வதா என்று இரண்டே வழிதான் என்று நினைக்கவும் வேண்டாம். ஐரோப்பிய ஏஜென்சிகளின் வேலை நேரம் நமக்கு மதியத்தில்தான் தொடங்குகிறது என்று சொன்னேன் அல்லவா? உங்கள் நிறுவனத்தில் காலை ஆறு முதல் இரண்டு வரை ஷிஃப்ட் இருந்தால், அதற்கு மாறுவது வேலையை விடுவதில் பாதிப் பலனைத் தரும். மதியம் இரண்டரைக்கு மெயிலுக்குப் பதில் போட முடியும், மாலைக்குள் ஆயிரம் வார்த்தை முடியும், சம்பளமும் இன்சூரன்ஸும் அப்படியே இருக்கும். எனக்குத் தெரிந்து இதைக் கேட்டுப் பார்க்காமலேயே ராஜினாமா செய்தவர்கள் பலர். ஷிஃப்ட் கிடைக்காவிட்டால், வார இறுதிக்குப் பொருந்தும் வாடிக்கையாளரை நோக்கித் திரும்பலாம். தொண்டு நிறுவன அறிக்கை, ஆய்வுக் கேள்வித்தாள், பதிப்பகத்தின் புத்தகம் போன்றவற்றில் கெடு வாரக்கணக்கில் இருக்கும். யாரும் பத்து நிமிஷத்தில் பதில் கேட்க மாட்டார்கள். புத்தகத்தில் மட்டும் பணம் தாமதமாகும், முன்பணம் வாங்காமல் தொடங்காதீர்கள்.

எப்போது "சரி, விடுங்கள்" என்பேன்? மூன்று மாதப் பட்டியலில், மேலே சொன்ன கழிவுகளெல்லாம் போக, மறுத்த வேலை மாதாமாதம் 25,000 வார்த்தைக்குக் குறையாமல் நிற்க வேண்டும். 1.40-இல் அது 35,000. வார இறுதிப் பணத்தோடு 56,000. இன்சூரன்ஸ், பி.எஃப். இரண்டையும் சொந்தமாகப் போட்ட பிறகும் இன்றைய சம்பளத்துக்குப் பக்கத்தில் வருவீர்கள். கூடவே, எந்த ஒரு ஏஜென்சியும் மொத்தத்தில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. இப்போது இரண்டே பேர் என்பதால் இதில்தான் தோற்பீர்கள். ஒரு பெரிய வாடிக்கையாளர் ஏஜென்சியை மாற்றினால் உங்கள் பாதி வருமானம் ஒரே மெயிலில் போய்விடும், அதில் உங்கள் தப்பு எதுவும் இருக்காது. மூன்றாவது, நாலாவது ஏஜென்சி இன்வாய்ஸுக்கு ஒருமுறையாவது பணம் அனுப்பிய பிறகுதான் அவர்களை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இவை கூடிவந்தால், கடிதம் கொடுத்த அன்று மேனேஜர்களுக்கு எதுவும் எழுதாதீர்கள். நோட்டீஸ் காலம் இரண்டு மாதமென்றால் கடைசி இரண்டு வாரத்தில் எழுதுங்கள், முதல் நாள் தேதியைக் குறிப்பிட்டு. முன்கூட்டியே சொன்னால் நீங்கள் இன்னும் ஆபீஸில் இருக்கும்போதே பெரிய ஃபைல் வரும். ஆர்வமாக "முழு நேரம் கிடைப்பேன்" என்று சொல்லிவிட்டு இரண்டே முறை நீங்கள் மறுத்தால் போதும், பட்டியலில் பழைய இடத்துக்கே போய்விடுவீர்கள்.